பெண்ணிலிருந்து எண்ணும் கணக்கு: வசியமும் ஸ்திரீ தீர்க்கமும்

ரஜ்ஜு தட்டினால் கல்யாணப் பேச்சு அங்கேயே நின்றுவிடும். வசியம் இல்லை என்றால் நிற்காது. “அது ஒன்று போனால் போகட்டும்” என்று பஞ்சாங்கத்தைப் புரட்டுபவரே சமாதானம் சொல்லிவிடுவார். ஸ்திரீ தீர்க்கம் இல்லாவிட்டாலும் ஏறக்குறைய அதே சமாதானம்தான். பத்துப் பொருத்தங்களின் பட்டியலில் தவறாமல் அச்சாகி, முடிவெடுக்கும் வேளையில் பின்னுக்குப் போகிறவை இந்த இரண்டும்.

ஆனால் இவை சொல்வதாகக் கருதப்படும் சேதிகள் சிறியவை அல்ல. கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் விரும்புவார்களா என்பதை வசியம் காட்டுமாம். புகுந்த வீட்டில் பெண் நலமாக, நெடுங்காலம், குறைவில்லாமல் வாழ்வாளா என்பதை ஸ்திரீ தீர்க்கம் காட்டுமாம். ஒரு திருமணத்தைப் பற்றிக் கேட்கத்தக்க கேள்விகளில் இவற்றைவிடப் பெரியவை அதிகம் இல்லை. இவ்வளவு பெரிய கேள்விகளுக்கான விடை ஏன் விட்டுக்கொடுக்கத் தக்க இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது? கணக்குக்கும், கணக்கின் பேரால் சொல்லப்படும் பலனுக்கும் உள்ள உறவு எத்தகையது? இதற்குச் சோதிட நூல்களும், சோதிடத்துக்கு வெளியே நின்றவர்களும் பல காலமாகப் பல விடைகள் தந்திருக்கிறார்கள்.

கணக்கு நடக்கும் முறை

இரண்டு பொருத்தங்களுக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. எண்ணிக்கை பெண்ணிலிருந்து தொடங்கும்.

ஸ்திரீ தீர்க்கத்துக்கு வேண்டியது இருவரின் ஜன்ம நட்சத்திரம் மட்டுமே. பெண்ணின் நட்சத்திரத்தை ஒன்று என்று வைத்து, ஆணின் நட்சத்திரம் வரை வரிசையாக எண்ண வேண்டும். எண்ணிக்கை 13-ஐத் தாண்டினால் உத்தமம் என்பது தமிழ்ப் பஞ்சாங்கங்களில் பரவலாகக் காணப்படும் விதி. 7-ஐத் தாண்டினாலே மத்திமமாகக் கொள்ளலாம் என்பார் உண்டு. பெங்களூரில் இருந்து எழுதிய பி.வி. ராமன், முகூர்த்தம் பற்றிய தம் நூலில் 9-ஐத் தாண்டுவதே நல்லது என்கிறார். 7 போதும் என்று கருதும் ஆசிரியர்களையும் குறிப்பிடுகிறார். ஆக ஒரே பொருத்தத்துக்கு மூன்று எல்லைக்கோடுகள் புழக்கத்தில் உள்ளன.

வசியத்துக்கு நட்சத்திரம் வேண்டாம், ராசி போதும். ஒவ்வொரு ராசிக்கும் வசியமான ராசி இன்னது என்று ஒரு பட்டியல் இருக்கிறது. மேஷத்துக்குச் சிம்மமும் விருச்சிகமும், ரிஷபத்துக்குக் கடகமும் துலாமும், மிதுனத்துக்குக் கன்னி, கடகத்துக்கு விருச்சிகமும் தனுசும், சிம்மத்துக்குத் துலாம், தனுசுக்கு மீனம், மீனத்துக்கு மகரம். இப்படியே மற்றவையும். பெண் ராசிக்கு ஆண் ராசி வசியமானால் நன்று. திருப்பிப் பார்த்து, ஆண் ராசிக்குப் பெண் ராசி வசியமானால் அதையும் மத்திமமாக ஏற்போர் பலர்.

பட்டியல் எங்கும் ஒன்றுபோல இல்லை. ராமன் தரும் பட்டியலில் கன்னிக்கு மீனத்தோடு மிதுனம் வருகிறது. தமிழில் அச்சாகும் சில பட்டியல்களில் மிதுனத்தின் இடத்தில் ரிஷபம் இருக்கிறது. கும்பத்துக்கு மேஷம் என்கிறது ஒன்று, மீனம் என்கிறது மற்றொன்று.

இரண்டு பொருத்தங்களும் அடிப்படையில் வேறு வேறு வகையானவை என்பது இங்கேயே தெரிந்துவிடுகிறது. ஸ்திரீ தீர்க்கம் வெறும் தூரக் கணக்கு. எந்த நட்சத்திரம் என்பதே அதற்குப் பொருட்டில்லை. எத்தனை தள்ளி என்பதுதான் பொருட்டு. வசியத்தில் தூரத்துக்கு இடமே இல்லை. ராமன் பட்டியலில் உள்ள 18 இணைகளையும் எண்ணிப் பார்த்தால், பெண் ராசியிலிருந்து இரண்டாமிடம் தொடங்கிப் பன்னிரண்டாமிடம் வரை ஒவ்வொரு தூரமும் ஒரு முறையாவது வருகிறது. மகரத்துக்குக் கும்பம் என்பது அடுத்த வீடு; துலாமுக்குக் கன்னி என்பது முந்தின வீடு, அதாவது பன்னிரண்டாவது; கன்னிக்கு மீனம் என்பது நேர் எதிர் வீடு. இவற்றை இணைக்கும் வாய்பாடு பட்டியலுக்குள் தென்படவில்லை. மனப்பாடம் செய்ய வேண்டியதுதான்.

ரோகிணியும் விசாகமும்

பெண் ரோகிணி நட்சத்திரம், ரிஷப ராசி என்று கொள்வோம். ஆண் விசாகம், மூன்றாம் பாதம், துலா ராசி.

ரோகிணியிலிருந்து எண்ணினால் விசாகம் 13-ஆவது. “13-ஐத் தாண்ட வேண்டும்” என்ற விதிப்படி ஒரே ஒரு நட்சத்திரத்தில் ஸ்திரீ தீர்க்கம் தட்டுகிறது. 9-ஐ எல்லையாகக் கொண்டால் தாராளமாகப் பொருந்துகிறது. அந்தப் பெண்ணின் பிற்கால வாழ்வு எப்படி என்பதற்கான விடை, பஞ்சாங்கத்தை எந்தக் கடையில் வாங்கினார்கள் என்பதைப் பொறுத்து மாறுகிறது.

வசியம் பிசகில்லாமல் இருக்கிறது: ரிஷபத்துக்குத் துலாம். ஆனால் துலாம் ரிஷபத்துக்கு ஆறாவது ராசி. எதிர்ப்பக்கம் எண்ணினால் எட்டாவது. இதுதான் ராசிப் பொருத்தத்தில் அஞ்சப்படும் ஷஷ்டாஷ்டகம். ஈர்ப்பு உண்டு என்று ஒரு வரி சொல்லும்போதே, ஒத்துப்போகாது என்று அடுத்த வரி சொல்கிறது. இரண்டு ராசிக்கும் சுக்கிரனே அதிபதி என்பதால் ஷஷ்டாஷ்டக தோஷம் இல்லை என்று மூன்றாவது வரி விலக்குக் கொடுத்துவிடும். சோதிடர்கள் வசியத்தையே இந்தத் தோஷத்துக்கு மாற்றாகச் சொல்வதும் உண்டு. நடைமுறையில் வசியத்துக்கு இருக்கும் பெரிய பயன், தனியாக ஒரு பலன் சொல்வதைவிட, இன்னொரு பொருத்தம் தட்டும்போது முட்டுக்கொடுப்பது.

இப்போது ஆணின் பாதத்தை மட்டும் மாற்றலாம். விசாகம் நான்காம் பாதம் என்றால் ராசி விருச்சிகமாகிவிடும். நட்சத்திரம் மாறவில்லை என்பதால் ஸ்திரீ தீர்க்கம் அதே 13-இல் நிற்கிறது. ராசிப் பொருத்தமோ ஏழாமிடமாகி உத்தமத்துக்கு ஏறுகிறது. ஆனால் வசியம் போய்விட்டது; ரிஷபத்தின் பட்டியலில் விருச்சிகம் இல்லை. சந்திரன் ஒரு பாதத்தைக் கடக்க ஏறக்குறைய 6 மணி நேரம் ஆகும். எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் சில நிமிட இடைவெளியில் பிறந்த இரண்டு ஆண்களில், முதலாமவரிடம் அந்தப் பெண்ணுக்கு ஈர்ப்பு இருக்கும், ஒத்துப்போகாது. அடுத்தவரிடம் ஒத்துப்போகும், ஈர்ப்பு இருக்காது.

அந்த எல்லையும் எல்லாருக்கும் ஒரே இடத்தில் இல்லை. வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதமும் நட்சத்திரம் முடியும் நேரத்தை வேறு வேறாகச் சொல்லும் நாட்கள் உண்டு. கணினிக் கணிப்பிலும் லாஹிரி அயனாம்சத்துக்கும் ராமன் அயனாம்சத்துக்கும் ஏறத்தாழ ஒன்றரைப் பாகை வேறுபாடு. சந்திரன் அதைக் கடக்க இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். பிறந்த நேரமே தெரியாதவர்களுக்குப் பெயரின் முதலெழுத்தைக் கொண்டு நாம நட்சத்திரம் பார்க்கும் வழக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னும் ஒரு மாற்றம். பெண்ணுக்கு விசாகம் மூன்றாம் பாதம், ஆணுக்கு ரோகிணி என்று இடம் மாற்றிவைத்தால் என்ன ஆகும்? விசாகத்திலிருந்து ரோகிணி 16-ஆவது. மூன்று எல்லைக்கோடுகளின்படியும் ஸ்திரீ தீர்க்கம் உண்டு. வசியமோ தலைகீழாகிறது: துலாமின் பட்டியலில் மகரமும் கன்னியும்தான் உள்ளன, ரிஷபம் இல்லை. வானத்தில் அதே இரண்டு இடங்கள், இடையே அதே தூரம். யார் பெண் என்பது மாறியதும், 13 என்ற எல்லையின்படி, இரண்டு விடைகளும் எதிராகிவிட்டன.

வசியம்: விருப்பமா, கட்டுப்பாடா?

வசியம் காட்டுவது பரஸ்பர அன்பு என்பது இன்றைய விளக்கம். பழைய விளக்கம் இவ்வளவு மென்மையானது அல்ல.

வடநாட்டு முறையில் அதைத் தெளிவாகக் காணலாம். காசியில் இராம தைவக்ஞர் 1600-ஆம் ஆண்டில் இயற்றிய முகூர்த்த சிந்தாமணி அந்த மரபின் முக்கிய நூல். அங்கே ராசிகள் அவற்றின் உருவத்தை வைத்து இனம் பிரிக்கப்படுகின்றன. மிதுனம், கன்னி, துலாம், கும்பம் ஆகியவை மனித ராசிகள். மேஷமும் ரிஷபமும் நாற்கால் விலங்குகள். கடகமும் மீனமும் நீர்வாழ்வன. சிம்மம் காட்டு விலங்கு. விருச்சிகம் பூச்சி. தனுசும் மகரமும் பாதி பாதியாகப் பிரியும். சிம்மத்தைத் தவிர மற்றவை மனித ராசிக்கு அடங்கும். நீர்வாழ்வன மனிதனுக்கு உணவு. விருச்சிகத்தைத் தவிர எல்லாம் சிம்மத்துக்கு அடங்கும். எது எதை அடக்கும், எது எதைத் தின்னும் என்ற தருக்கம் இது. இந்த உலகத்தில் ஈர்ப்புக்கு அதிக இடம் இல்லை.

தென்னாட்டுப் பட்டியல் இதே தருக்கத்திலிருந்து வந்ததா என்றால், ஓரளவுக்கு மேல் பொருத்திப் பார்க்க முடியவில்லை. மேஷத்துக்குச் சிம்மம் வசியம் என்பது ஆட்டுக்கும் சிங்கத்துக்கும் உள்ள உறவோடு ஒத்துப்போகிறது. அப்படியானால் ரிஷபமும் சிம்மத்துக்கு அடங்க வேண்டும்; பட்டியலில் அது இல்லை. மீனத்துக்கு மகரம், அதாவது மீனுக்கு முதலை, என்பது சரியாக இருக்கிறது. மகரத்துக்கு மேஷம்? முதலை ஆட்டுக்கு ஏன் வசப்பட வேண்டும் என்பதற்கு உருவத்தை வைத்து விடை தேடினால் கிடைக்காது. சில இணைகளுக்கு ராசி அதிபதி ஒருவரே: மேஷமும் விருச்சிகமும் செவ்வாய்க்கு, ரிஷபமும் துலாமும் சுக்கிரனுக்கு, மிதுனமும் கன்னியும் புதனுக்கு, தனுசும் மீனமும் குருவுக்கு. இது தற்செயலாகத் தோன்றவில்லை. ஆனால் அதிபதிப் பொருத்தம் தனியாக ஏற்கெனவே இருக்கும்போது, அதே சேதி வசியத்திலும் மதிப்பெண் பெறுவது ஏன் என்ற கேள்வி எழுகிறது.

எண்ணிக்கையைப் பார்த்தால் இன்னொன்றும் புலப்படும். பன்னிரண்டு ராசிப் பெண்களையும் பன்னிரண்டு ராசி ஆண்களையும் சேர்த்தால் 144 இணைகள். ராமன் பட்டியல்படி பெண்ணிலிருந்து நேராக வசியம் உள்ளவை 18, எட்டில் ஒன்று. திருப்பிப் பார்ப்பதையும் ஏற்றுக்கொண்டால் 32. அப்போதும் ஐந்து இணைகளில் ஏறத்தாழ நான்குக்கு வசியம் இல்லை. ஈர்ப்பு என்பது திருமணத்தில் அவ்வளவு அரிதானது என்று நூல்கள் நினைத்தனவா? அப்படி நினைத்திருந்தால் அதை இவ்வளவு எளிதாக விட்டுக்கொடுக்கச் சொல்லியிருக்க மாட்டார்கள். பெரும்பாலோருக்கு அமையாத ஒன்றை முக்கியமானதாக வைத்திருந்தால் கல்யாணங்களே நடந்திருக்காது என்ற நடைமுறை அறிவே அதைக் கீழே இறக்கியிருக்கலாம். வடநாட்டு அஷ்டகூட முறையிலும் மொத்தம் 36 குணங்களில் வசியத்துக்கு 2 மட்டுமே. அதைவிடக் குறைவு வர்ணத்துக்குக் கொடுக்கப்படும் 1.

ஸ்திரீ தீர்க்கம்: யாருடைய ஆயுள்?

அந்த 36 குணங்களில் ஸ்திரீ தீர்க்கம் இல்லவே இல்லை. வர்ணம், வசியம், தாரை, யோனி, கிரக மைத்திரி, கணம், பகூடம், நாடி என்ற எட்டில் மனைவியின் நலத்துக்கென்று தனிக் கட்டம் கிடையாது. ஸ்திரீ தீர்க்கம் தென்னாட்டுப் பொருத்த முறையின் சிறப்பு. பெண்ணின் நலத்தைத் தனியாகக் கேட்டது தெற்கு என்று இதைப் பெருமையாகச் சொல்லும் சோதிடர்களும் உண்டு.

அந்த நலம் எது என்பதில் மூன்று விளக்கங்கள் உள்ளன. மனைவிக்கு நீண்ட ஆயுள் என்பது முதல் விளக்கம். செல்வமும் சௌபாக்கியமும் என்பது இரண்டாவது. தீர்க்க சுமங்கலியாக வாழ்வாள் என்பது மூன்றாவது. பேச்சுவழக்கில் அதிகம் அடிபடுவதும் இதுதான்.

முதலாவதும் மூன்றாவதும் ஒன்றல்ல. சுமங்கலியாக வாழ்வது என்றால் கணவன் உயிரோடு இருக்கும்வரை என்று பொருள். அந்தப் பலன் கடைசிவரை பலிக்க வேண்டுமானால் மனைவி கணவனுக்கு முன்னால் போக வேண்டும். நீண்ட ஆயுள் என்ற பலன் பலித்தால், பெரும்பாலான குடும்பங்களில் நடப்பது இதற்கு நேர்மாறு. மனைவி கணவனைவிட இளையவளாக இருப்பதும், பெண்களின் சராசரி ஆயுள் கூடுதலாக இருப்பதும் சேர்ந்து, நெடுநாள் வாழும் பெண்ணைக் கைம்பெண்ணாகவே ஆக்குகின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கைம்பெண்கள் 4 கோடிக்கு மேல். மனைவியை இழந்த ஆண்களைப் போலப் பல மடங்கு. எண்பது வயதில் கணவனை இழந்து, பேரன் பேத்திகளோடு தொண்ணூறு வரை வாழ்ந்த ஒரு பாட்டிக்கு ஸ்திரீ தீர்க்கம் பலித்ததா, தட்டியதா? முதல் விளக்கப்படி பலித்தது. மூன்றாவது விளக்கப்படி கடைசிப் பத்தாண்டுகளில் தட்டிவிட்டது. மாங்கல்ய பலத்துக்கு ரஜ்ஜு என்ற தனிப் பொருத்தம் இருக்கும்போது, அதே கவலை இங்கும் ஏன் நுழைந்தது என்பதும் விளங்கவில்லை.

கணக்குக்குள் போனால் இன்னொரு சிக்கல் தெரியும். 27 நட்சத்திரங்களில் பெண்ணிலிருந்து 14 முதல் 27 வரை பொருத்தம். 1 முதல் 13 வரை இல்லை. வட்டத்தைச் சரிபாதியாக வெட்டுவது போன்றதுதான் இது. பெண்ணிலிருந்து எண்ணும் எண்ணையும் ஆணிலிருந்து எண்ணும் எண்ணையும் கூட்டினால், இருவருக்கும் ஒரே நட்சத்திரமாக இல்லாதவரை, எப்போதும் 29 வரும். இரு முனைகளும் இரண்டு முறை எண்ணப்படுவதால் 27-உடன் இரண்டு கூடுகிறது. எனவே 2 முதல் 13 வரை தட்டும் ஒவ்வோர் இணையும், பெண் ஆண் இடம் மாறினால் 27 முதல் 16 வரை வந்து பொருந்திவிடும். எப்படி மாற்றினாலும் பொருந்துபவை 14, 15 என்ற இரண்டு தூரங்கள் மட்டுமே. ஒரே நட்சத்திரம் எப்படிப் பார்த்தாலும் தட்டும். எல்லைக்கோடு 9-க்கோ 7-க்கோ இறங்கும்போது இந்தக் கறார்த்தனம் தளர்கிறது. இரு பக்கமும் பொருந்தும் தூரங்கள் கூடுகின்றன. 7 என்ற எல்லையில் 27-இல் 20 தூரங்கள் தேறிவிடும். அவ்வளவு பேருக்குத் தேறும் ஒன்று எதையாவது பிரித்துக் காட்டுகிறதா என்பது வேறு கேள்வி.

பாதி வட்டம் என்ற இந்தக் கருத்து பட்டியலில் ஏற்கெனவே இன்னோர் இடத்திலும் இருக்கிறது. ராசிப் பொருத்தத்தின் பொது விதி, ஆணின் ராசி பெண்ணின் ராசிக்கு ஏழு அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும் என்பது. ஆறு ராசி என்பது பாதி வட்டம். பதின்மூன்றரை நட்சத்திரம் என்பதும் பாதி வட்டம். ஒரே கேள்வியை ஒரு முறை ராசியாலும் ஒரு முறை நட்சத்திரத்தாலும் கேட்கிறார்கள். ரோகிணி, விசாகம் போன்று எல்லையில் நிற்கும் சில இணைகளைத் தவிர, இரண்டும் பெரும்பாலும் ஒரே பதிலைத்தான் சொல்லும். ராசிப் பொருத்தமும் ராசி அதிபதிப் பொருத்தமும் இருந்தால் ஸ்திரீ தீர்க்கம் இல்லாததைப் பொருட்படுத்த வேண்டாம் என்று பல சோதிடர்கள் தரும் விலக்கு, இந்த இரட்டிப்பை உணர்ந்ததன் விளைவாக இருக்கலாம். ஆனால் “பத்துக்கு ஆறு இருந்தால் போதும்” என்று எண்ணிக் கூட்டும் வழக்கத்தில் இந்த நுட்பம் அடிபட்டுப் போகிறது. ஒரே சேதிக்கு இரண்டு மதிப்பெண் விழுகிறது, அல்லது இரண்டு மதிப்பெண் பறிபோகிறது.

வேறு அளவுகோல் வைத்தவர்கள்

நட்சத்திரத்தால் ஈர்ப்பை அளக்கலாம் என்பதை எல்லாரும் எப்போதும் ஏற்றுக்கொண்டதில்லை. மறுப்பு வைதிக மரபுக்கு உள்ளேயே தொடங்குகிறது. தமிழ்நாட்டில் பலர் பின்பற்றும் ஆபஸ்தம்பரின் கிருஹ்ய சூத்திரம் பெண் தேடும் முறையைச் சொல்லும்போது, யாரிடம் மனமும் கண்ணும் சென்று பற்றுகின்றனவோ அவளிடமே வளம் உண்டு, வேறெதையும் பார்க்க வேண்டாம் என்பது சிலரின் கருத்து எனப் பதிவுசெய்கிறது. ஈர்ப்பையும் வளத்தையும் ஒரே இடத்தில் சேர்த்துவைத்து, இரண்டுக்கும் கணக்கு வேண்டாம் என்கிறது இந்தப் பக்கம். (அதே சூத்திரம் நட்சத்திரப் பெயர் கொண்ட பெண்களைத் தவிர்க்கவும் சொல்கிறது. ரோகிணி என்று பெயர் வைத்த வீடுகள் இதை யாரும் எடுத்துச் சொல்லாததற்கு நன்றி சொல்ல வேண்டும்.) ஆனால் இது ஆணின் மனமும் கண்ணும் என்பதை மறந்துவிடக் கூடாது. பெண்ணின் மனம் எங்கே சென்றது என்று சூத்திரம் கேட்கவில்லை.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் தலைவனுக்கும் தலைவிக்கும் உரிய ஒப்புமைகளாகப் பத்தைச் சொல்கிறது. பிறப்பு, குடிப்பண்பு, வயது, உருவம், அன்பு நிலைபெறும் வாயில், அருள், உணர்வு என்று போகும் அந்தப் பத்தில் நட்சத்திரம் இல்லை. இன்றைய பத்துக்கும் அந்தப் பத்துக்கும் எண்ணைத் தவிர வேறு தொடர்பைக் காட்டச் சான்றில்லை. சங்க காலத்தவர் நட்சத்திரமே பார்க்கவில்லை என்பதும் இதற்குப் பொருளல்ல. அகநானூற்றின் திருமணப் பாடல்களிலும் சிலப்பதிகாரத்தின் தொடக்கத்திலும் திங்கள் ரோகிணியைச் சேரும் நாள் மணநாளாக வருகிறது. அது நாள் பார்ப்பது. இரண்டு பேரின் பிறப்பு நட்சத்திரங்களை ஒட்டிப் பார்ப்பது அல்ல.

இருபதாம் நூற்றாண்டில் சுயமரியாதை இயக்கம் முழு ஏற்பாட்டையும் புறந்தள்ளியது. புரோகிதரும் ஜாதகமும் இல்லாத அத்திருமணங்களுக்கு 1967-இல் தமிழக சட்டமன்றம் இந்து திருமணச் சட்டத்தில் 7அ என்ற பிரிவைச் சேர்த்துச் சட்ட ஏற்பு அளித்தது. இதற்கு வெளியிலும், எந்த இயக்கத்தையும் சாராமல், மாமன் மகளுக்கும் அத்தை மகனுக்கும் பொருத்தம் பார்க்க வேண்டியதில்லை என்ற வழக்கம் பல குடும்பங்களில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. தெரிந்த குடும்பம், கண்முன் வளர்ந்த பிள்ளைகள் என்ற இடத்தில் நட்சத்திரம் ஒதுங்கிக்கொண்டது. பெண் அறியாத வீட்டுக்குப் போகும்போதுதான் அவள் எப்படி வாழ்வாள் என்ற கவலை கணக்கைத் தேடியிருக்கிறது என்று இதிலிருந்து ஊகிக்க இடமுண்டு.

அளந்து பார்த்தவர்கள்

பிறப்புக் குறிக்கும் திருமண வாழ்வுக்கும் தொடர்பு உண்டா என்பதை மேற்கில் சிலர் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். 1971-இல் பெர்னி சில்வர்மன், மிச்சிகன் மாநிலத்தில் திருமணமான 2,978 இணைகளையும் மணமுறிவு பெற்ற 478 இணைகளையும் ஆராய்ந்தார். சோதிடம் பொருத்தமென்று சொன்னவர்கள் அதிகமாக மணந்துகொள்ளவும் இல்லை, குறைவாகப் பிரியவும் இல்லை. 2007-இல் டேவிட் வோஸ், இங்கிலாந்து, வேல்ஸ் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து ஏறக்குறைய ஒரு கோடி இணைகளை எடுத்துப் பார்த்தபோதும் அதே முடிவு.

இவற்றைப் பத்துப் பொருத்தத்துக்கு எதிரான தீர்ப்பாக அப்படியே எடுத்துக்கொள்வது சரியாகாது. அங்கே பார்க்கப்பட்டது சூரியன் நின்ற ராசி. இங்கே பார்ப்பது சந்திரன் நின்ற நட்சத்திரம். அங்கே காதலித்து மணந்தவர்கள் அதிகம். இங்கே பொருத்தம் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அதிகம். புணேயில் ஜயந்த் நார்லிகர் குழுவினர் இந்திய ஜாதகங்களை வைத்தே ஒரு சோதனை செய்தனர். 27 சோதிடர்கள் பங்கேற்ற அதில் விடைகளில் சரியானவை 46 சதவீதம். நாணயம் சுண்டினால் வரும் அளவுதான். ஆனால் அங்கே கேட்கப்பட்டது, ஜாதகத்துக்குரியவர் படிப்பில் சிறந்த மாணவரா, மனவளர்ச்சி குன்றியவரா என்பது. திருமணம் அல்ல.

மனைவியின் நலத்தை வேறு வழிகளில் அளந்த தரவுகள் உள்ளன. 2019–21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் ஏறத்தாழ 38 சதவீதத்தினர் கணவரின் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். நாட்டின் சராசரி ஏறத்தாழ 29 சதவீதம். பொருத்தம் பார்த்தவர்கள், பார்க்காதவர்கள் என்று இந்த எண்ணைப் பிரிக்க முடியாது. ஆகவே பொருத்தம் பார்ப்பதால் வன்முறை கூடுகிறது என்றோ குறைகிறது என்றோ இதிலிருந்து சொல்ல முடியாது. சொல்ல முடிவது இவ்வளவுதான்: மனைவியின் நலத்துக்கெனத் தனிப் பொருத்தம் வைத்துப் பார்க்கும் வழக்கம் பரவியுள்ள ஒரு மாநிலத்தில், அந்த வழக்கம் கண்ணுக்குத் தெரியும் அளவில் அவளுக்கு அரணாக நிற்கவில்லை. பேறுகாலச் சாவு பற்றியும் இதே வகையில் பேசலாம். 2018–20-இல் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 54 தாய்மார் இறந்தனர். இந்தியா முழுவதும் 97. மருத்துவமனைப் பிரசவமும் ரத்தமும் ஆம்புலன்சும் இந்த வேறுபாட்டுக்குக் காரணங்கள்; நட்சத்திர தூரம் எல்லா மாநிலங்களிலும் ஒரே மாதிரிதான் பரவியிருக்கிறது.

சோதிடர்கள் இதற்குத் தரும் பதில் ஒன்று உண்டு. நட்சத்திரப் பொருத்தம் மேலோட்டமானது. இரு ஜாதகங்களிலும் ஏழாமிடம், எட்டாமிடம், சுக்கிரன், செவ்வாய், நடக்கும் தசை ஆகியவற்றைப் பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது என்பார்கள். இந்தப் பதிலில் நேர்மை இருக்கிறது. ஆனால் அதை ஏற்றுக்கொண்டால், வசியமும் ஸ்திரீ தீர்க்கமும் தனியாக எதையும் காட்டுவதில்லை என்பதையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கும்.

முடிவுக்கு வராதவை

இதுவரை பார்த்ததிலிருந்து சில மதிப்பீடுகளை எச்சரிக்கையோடு வைக்கலாம். வசியத்துக்குச் சொல்லப்படும் பலன் காலப்போக்கில் அடக்குவதிலிருந்து அன்புக்கு நகர்ந்திருக்கிறது, கணக்கு நகரவில்லை. ஸ்திரீ தீர்க்கத்தின் பலன் மூன்று விளக்கங்களுக்கு இடையே ஊசலாடுகிறது; அவற்றில் இரண்டு ஒன்றோடொன்று மோதுகின்றன. கணக்கோ ராசிப் பொருத்தத்தின் மறுபதிப்பை ஒத்திருக்கிறது. இரண்டிலும் எண்ணிக்கை பெண்ணிலிருந்து தொடங்குவதால், அவளுடைய நலம் கருதியது என்று தோன்றும். உண்மையில் கணக்கு கேட்பது அவளுக்கு எவ்வளவு தள்ளி, அல்லது எந்த இனத்தில், ஆண் நிற்கிறான் என்பதைத்தான்.

தென்னாட்டு வசியப் பட்டியல் எந்தத் தருக்கத்தில் உருவானது என்பது திறந்தே கிடக்கிறது. அதிபதி, உருவம் என்ற இரண்டு விளக்கங்களும் பாதி இணைகளுக்கு மேல் பொருந்தவில்லை. பழைய சுவடிகளில் உள்ள பட்டியல்களை ஒப்பிட்டு, எந்த இணை எப்போது நுழைந்தது, கன்னிக்கு ரிஷபமும் மிதுனமும் எங்கே பிரிந்தன என்று பார்த்தால் ஏதாவது துலங்கலாம். 7, 9, 13 என்ற எல்லைகளில் எது முந்தியது, தளர்த்தியதா இறுக்கியதா என்பதும் அதே வேலையைச் சேர்ந்தது.

பலன் பற்றிய கேள்விக்கு ஸ்திரீ தீர்க்கம் வசதியான சோதனைக்களம். 13 என்ற எல்லை இணைகளைக் கிட்டத்தட்டச் சரிபாதியாகப் பிரித்துவிடுவதால், ஒப்பிடுவதற்குத் தனிக் குழுவைத் தேடி அலைய வேண்டியதில்லை. கணவன் மனைவி இருவரின் பிறந்த நாளும் நேரமும், மனைவி வாழ்ந்த ஆண்டுகளும் உள்ள பெரிய பதிவேடு ஒன்று இருந்தால், 2 முதல் 13 வரை நின்றவர்களையும் 16 முதல் 27 வரை நின்றவர்களையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கலாம். பொருத்தம் பார்க்கும் வழக்கமே இல்லாத சமூகத்தின் பதிவேடாக இருந்தால் இன்னும் நல்லது. தேர்ந்தெடுத்து மணந்ததால் வரும் சாய்வு அங்கே இருக்காது. ஆனால் சோதனைக்கு முன், நலம் என்பது மனைவியின் ஆயுளா, கணவன் உயிரோடிருந்த ஆண்டுகளா, செல்வமா என்பதை முதலில் முடிவுசெய்தாக வேண்டும். அதைச் சோதிடர்கள்தான் சொல்ல வேண்டும்.